சென்னியப்பன் கேட்ட அரை மணி நேரம்

1931 ஜூன் 1 — ரூ. 16
1933 நவம்பர் 1 — ரூ. 18
1936 நவம்பர் 1 — ரூ. 21
1939 நவம்பர் 1 — ரூ. 24
1940 நவம்பர் 1 — ரூ. 24
1941 நவம்பர் 1 — ரூ. 24
1942 நவம்பர் 1 — ரூ. 24

மேலே உள்ளது டிரைவர் சென்னியப்பனின் மாதச் சம்பளம். நாமக்கல்லில் இருந்த ஒரு பஸ் கம்பெனியில் அவர் டிரைவர், நான் கணக்கு எழுதுபவன். கம்பெனிக்கு நாலு வண்டிகள். முதலாளி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி வைத்திருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நாமக்கல் பக்கம் வரமாட்டார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் மேனேஜர் தண்டாயுதபாணி.

நவம்பர் முதல் தேதி என்று வரிசையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சம்பளம் ஏறுவதாக இருந்தால் ஆயுத பூஜையை ஒட்டித்தான் ஏறும். அன்றைக்கு ஷெட்டில் வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டிப் பூஜை நடக்கும். முதலாளி ஆளுக்கு ஒரு வேட்டியும் அரை ரூபாயும் தட்டில் வைத்துக் கொடுப்பார். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மறு மாதம் கையெழுத்துப் போட வரும்போதுதான் ஏறியதா இல்லையா என்று ஆளுக்குத் தெரியும். ஏறாவிட்டால் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கென்று ஒரு நாளோ ஓர் இடமோ இருந்ததில்லை.

சென்னியப்பனுக்குச் சொந்த ஊர் பரமத்திப் பக்கம். வானம் பார்த்த பூமி மூன்று ஏக்கர், அண்ணன் தம்பி நாலு பேர். பதினேழு வயதில் ஒரு மிராசுதாரின் காருக்குத் துடைக்கிற ஆளாகப் போய், அந்தக் கார் டிரைவரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, ஜாமீன் தொகை இருபத்தைந்து ரூபாய் கட்டி எங்கள் கம்பெனியில் சேர்ந்தார். நெட்டையான ஆள். குனிந்துதான் வண்டிக்குள் ஏறுவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். நாலாம் வகுப்பு வரை படித்திருந்தார். கையெழுத்து பெரிது பெரிதாக, கோணல் இல்லாமல் இருக்கும்.

அவர் ஓட்டியது நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு வழியாகச் சங்ககிரி ரயிலடி போகும் வண்டி. காலையில் போய், ரயில் பார்த்துத் திரும்பி, மத்தியானம் மறுபடி போய், பொழுது சாய ஷெட்டுக்கு வரும்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டபின் வண்டிகள் கரியில் ஓடின. இப்போது அதைப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் சொல்கிறேன். வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக் கரியைக் கொட்டி, எண்ணெய்த் துணியால் கீழே பற்றவைத்து, பக்கத்தில் இருக்கும் காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரி கனிந்து புகை போய் கேஸ் வரும். சோதனைக் குழாயில் நெருப்பு வைத்தால் நீலமாக நின்று எரிய வேண்டும். எரிந்தால்தான் இன்ஜினைக் கிளப்பலாம். இதற்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். முன்னெல்லாம் ஐந்தரை மணிக்கு வந்தால் போதும் என்று இருந்த டிரைவர், இப்போது நாலரைக்கே ஷெட்டில் நிற்க வேண்டும். சாயங்காலம் வந்தபின் சாம்பலை வாரி, வடிகட்டியைக் கழற்றித் தட்டித் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். ஈரக் கரி வந்துவிட்டால் அன்றைக்கு மேட்டில் வண்டி ஏறாது. ஜனங்கள் இறங்கி நடப்பார்கள், சிலர் தள்ளுவார்கள், எல்லாரும் டிரைவரைத் திட்டுவார்கள்.

சென்னியப்பனின் கண்டக்டர் செங்கோட்டையன். குள்ளமான ஆள், வாய் ஓயாது. சக்கரம் சுற்றுவது அவர் வேலை. "அண்ணோவ், முந்தியெல்லாம் டிக்கட்டுக் கிழிச்சேன். இப்பத்தான் சாமி எனக்கு மாவாட்டற உத்தியோகம் குடுத்துருக்குது" என்பார் சுற்றிக்கொண்டே.

வேலை இரண்டு பங்காயிற்று. ராகி விலை மூன்று பங்காயிற்று. சம்பளம் மட்டும் இருபத்து நாலில் நின்றது. சென்னியப்பனுக்கு மனைவி அங்கம்மாள், இரண்டு பெண்கள், அண்ணன் காலமானபின் கூடவே வந்துவிட்ட அண்ணி. அந்த வருஷம் அங்கம்மாள் மறுபடி முழுகாமல் இருந்தார்.

பட்டாளத்துக்கு டிரைவர் வேண்டுமென்று ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கம்பெனியிலேயே மூன்று பேர் போய்விட்டார்கள். ஓட்ட ஆள் இல்லாமல் ஒரு வண்டி ஆடி மாதத்திலிருந்து ஷெட்டிலேயே கிடந்தது. அக்டோபர் நாலாம் தேதி நாமக்கல் டிராவலர்ஸ் பங்களாவுக்கு ஆள் எடுக்கும் அதிகாரி வருவதாகத் தண்டோரா போட்டார்கள். சம்பளம் இங்கே கிடைப்பதைப்போல் இரண்டு பங்குக்கு மேல். வீட்டுக்கு மணியார்டர் அவர்களே அனுப்பிவிடுவார்கள்.

சென்னியப்பனுக்குப் போக மனமில்லை. அங்கம்மாளுக்கு அனுப்ப மனமில்லை. ஆனால் இருபத்து நாலு ரூபாயில் குடும்பம் நடக்கவும் இல்லை. ஒருநாள் ராத்திரி அங்கம்மாளுக்கும் அவருக்கும் நடந்த பேச்சை அவர் பிற்பாடு என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஏனுங்க, பட்டாளத்துக்காரன் வந்து கூப்புடறதுக்கு முந்தி, மேனேஜரு கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாத்தா என்னுங்க?"

"என்னன்னு கேக்கறது?"

"கூலி பத்துலைன்னு."

"பூசைத் தட்டு நீட்டற அன்னிக்கு அதைக் கேக்க முடியுமா புள்ள? நாலு பேரு முன்னால."

"நாலு பேரு முன்னால எதுக்குங்க கேக்கறீங்க? தனியா ஒரு நேரங் கேளுங்க. பொண்ணு பாக்கப் போறதுக்கே இன்ன நாள் வாரோம்னு சொல்லி அனுப்பறமில்ல? அப்படிச் சொல்லி அனுப்புங்க."

"கெஞ்சச் சொல்றியா?"

"நான் எங்கீங்க கெஞ்சச் சொன்னேன்? வாரேன்னு சொல்லுங்கங்கறேன்."

மறுநாள், செப்டம்பர் 13, திங்கட்கிழமை, சாயங்காலம் டிரிப் ஷீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார் செங்கோட்டையன். அதன் மேல் மூலையில் ஒரு காகிதம் குண்டூசியால் குத்தியிருந்தது. சென்னியப்பன் எழுத்து.

"மேனேஜர் அவர்களுக்கு, வணக்கம். என் சம்பளத்தைப் பற்றித் தங்களிடம் நேரில் பேச வேண்டும். வருகிற வியாழக்கிழமை வண்டி ஷெட்டுக்கு வந்தபின் ஏழு மணிக்கு ஆபீசுக்கு வருகிறேன். அரை மணி நேரம் ஒதுக்கி வைத்தால் போதும். அன்றைக்குத் தோதுப்படாவிட்டால் தங்களுக்குத் தோதான நாளைச் செங்கோட்டையனிடம் சொல்லி அனுப்பவும். இப்படிக்கு, சென்னியப்பன், டிரைவர்."

இவ்வளவுதான். ஓர் அதிகச் சொல் கிடையாது. தொகை எதுவும் எழுதவில்லை. குடும்பக் கஷ்டத்தை எழுதவில்லை.

இங்கேதான் எங்கள் கம்பெனியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிரைவர், கண்டக்டர் யாரும் மேனேஜருக்குக் காகிதம் எழுதுவதில்லை. லீவு வேண்டுமென்றால் ஷெட் மேஸ்திரியிடம் வாயால் சொல்வார்கள். வண்டியில் கோளாறு என்றாலும் வாயால்தான். டிரிப் ஷீட்டில் காகிதம் குத்தி அனுப்பினால் ஒரே அர்த்தம்: ஆள் நின்றுகொள்கிறான், ஜாமீன் தொகையைத் திருப்பிக் கேட்கிறான். பட்டாளத்துக்குப் போன மூன்று பேரும் அப்படித்தான் குத்தி அனுப்பினார்கள்.

தண்டாயுதபாணி குண்டூசியைப் பார்த்ததுமே முகம் வாடிவிட்டார். படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"போச்சு. இவனும் போறான்."

"சம்பளத்தப் பத்திப் பேசணும்னுதானுங்களே எழுதியிருக்குது" என்றேன்.

"எழுதியிருக்கற தோரணையப் பாருமய்யா. வேலைல இருக்கப் போறவன் இப்படியா எழுதுவான்? 'ஏழு மணிக்கு வருகிறேன், அரை மணி ஒதுக்கி வை.' தயவுங்கற சொல்லே இல்லை. பட்டாளத்து ஆர்டர் சட்டைப் பையில இருந்தாத்தான் இந்தக் கை வரும்."

அவர் கெட்டவர் அல்லர். ஏற்கெனவே ஒரு வண்டி நின்றுகிடக்க, ரயிலடி வண்டியும் நின்றால் அந்த ரூட் கைவிட்டுப் போய்விடும் என்பது அவர் பயம். பெர்மிட்டை வாங்கக் காத்திருந்தவர்கள் திருச்செங்கோட்டிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அன்றைக்கே சேலம் வண்டியில் முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார். முதலாளி, "முப்பத்திரண்டு வரைக்கும் குடுத்து உடனே ஆளப் புடி" என்று பதில் சொல்லி, தாமே ஓர் ஆளையும் அனுப்பிவிட்டார். சென்னியப்பனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. போகிறவனிடம் கேட்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை விடியலில் சென்னியப்பன் ஷெட்டுக்கு வந்தபோது, கரி மூட்டைப் பக்கத்தில் ஒரு புது ஆள் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஓமலூர்ப் பக்கத்து மாதையன். மேட்டூர் அணை கட்டிய காலத்தில் லாரி ஓட்டியவர்.

"உன்கூட வண்டில வரச் சொன்னாங்கண்ணே. ரோடு பாக்கணுமாம். கரி அடுப்பும் பழகணுமாம்" என்றார்.

சென்னியப்பன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தார்.

செங்கோட்டையன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அண்ணோவ், நீங்க சீட்டு எழுதுன அழகு! உங்களத் தலைமுழுகறதுக்கு உங்களையே தண்ணி காயவெக்கச் சொல்றாங்க."

"பேசாம சுத்துடா."

"சுத்தறேன். நாளைக்கு இதே சக்கரத்த வேறொருத்தருக்குச் சுத்தோணும்னு நெனச்சாத்தான் கை வலிக்குது."

கேஸ் நீலமாக வந்தது. வண்டி கிளம்பியது. திருச்செங்கோடு வரைக்கும் சென்னியப்பனுக்கு, ஒரு காகிதம் எழுதியதற்கு இந்தத் தண்டனையா என்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததாம். பன்னிரண்டு வருஷம். ஓர் ஆட்டுக்குட்டியை அடித்ததில்லை, ஒரு டிக்கட் பணத்தைத் தொட்டதில்லை. கேட்டது அரை மணி நேரம்.

மாதையனுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் இருந்திருப்பேன். திருச்செங்கோடு தாண்டி ஒரு மேடு வரும். அங்கே மாதையன் கேட்டார்: "இங்க எப்படிண்ணே? லாரியா இருந்தா ஒரே மிதி."

சென்னியப்பன் கொஞ்ச தூரம் சும்மா ஓட்டினார். பிறகு, "மிதிச்சா நின்னு போகும். கேஸு வாரதுக்கு நேரங் குடுக்கோணும். அதா, அந்தப் புளியமரத்துக்கு முந்தியே கியரைக் கொறச்சுக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னாராம். மரத்துக்கு முன்னால் கியரைக் குறைத்தார். ஜனங்கள் இறங்காமலே வண்டி ஏறியது.

சங்ககிரி ரயிலடியில் ரயில் தாமதம். மூவரும் தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாதையன் வெள்ளை மனசுக்காரர், எதையும் மறைக்கத் தெரியாது.

"நீ எப்பண்ணே பட்டாளத்துல சேர்ற?"

"ஆரு சேர்றா?"

"நீதான். சேலத்துல மொதலாளி சொன்னாரே. போறவனுக்குப் பதிலா வா, முப்பத்திரண்டு தரேன்னாரு."

செங்கோட்டையன் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. "எவ்வளவு?"

"முப்பத்திரண்டு. பேட்டா வேற. ஏன், உனக்கு எவ்வளவுண்ணே?"

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். செங்கோட்டையன் முந்திக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க மாதையா, அதைக் கேக்காதீங்க. கேட்டா நீங்க எறங்கி ஓமலூருக்கே நடந்துருவீங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது அங்கம்மாள் முதலில் கோபப்பட்டார். "அந்த ஆளுக்கு மேடேறச் சொல்லியும் குடுத்துட்டு வந்தீங்களாக்கும்? சோத்தயும் போட்டு எலையயும் எடுத்துட்டு வந்திருக்கலாமல்லோ!"

"வண்டில நாப்பது உசுரு இருக்குது புள்ள."

கோபம் தணிந்தபின் அங்கம்மாள் கேட்டார்: "ஏனுங்க, நீங்க பட்டாளத்துக்குப் போறீங்கன்னு அவுங்களுக்கு ஆரு சொன்னது?"

"தெரியல."

"அப்ப உங்களப் புடிக்காம ஆள் வெக்கல. நீங்க போறீங்கன்னு பயந்துதான் வெச்சிருக்கறாங்க. பயந்தவங்க கிட்டப் போயி பேசறதுக்கு என்னுங்க?"

மேனேஜரிடமிருந்து பதில் வராவிட்டாலும், தாம் எழுதிய நேரத்துக்குத் தாம் போவதென்று சென்னியப்பன் முடிவு செய்துகொண்டார். தோதுப்படாவிட்டால் சொல்லி அனுப்பச் சொல்லியிருந்தார். சொல்லி அனுப்பவில்லை. ஆகவே தோதுப்படுகிறது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஆபீசுக்கு வந்தார். கரி படிந்த சட்டையை மாற்றிவிட்டு, முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இரும், கையெழுத்துக்குச் சாட்சி வேணும்" என்றார் தண்டாயுதபாணி. மேஜைமேல் ஜாமீன் தொகை இருபத்தைந்து ரூபாயும், பதினாறாம் தேதி வரைக்குமான சம்பளமும் இரண்டு அடுக்காக இருந்தன.

"உக்காரு சென்னியப்பா."

சென்னியப்பன் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் ஒரு டிரைவர் உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"எல்லாம் சரியா இருக்குதான்னு எண்ணிப் பாத்துக்க. பன்னண்டு வருசம் இருந்துட்டே. எங்க போனாலும் நல்லா இரு."

"நான் எங்கீங்க போறேன்?"

"பட்டாளத்துக்கு."

"போறேன்னு ஆருக்குங்க சொன்னேன்?"

"நீதானப்பா காயிதங் குத்தி அனுப்பிச்சே!"

"சம்பளத்தப் பத்திப் பேசணும்னு எழுதினனுங்க. போறேன்னு எழுதலீங்களே."

தண்டாயுதபாணி மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். படித்தார். என் பக்கம் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப... இந்த மாதிரி எதுக்கு எழுதினே?"

"வேற எந்த மாதிரிங்க எழுதறது? உங்களுக்கும் நாலு சோலி இருக்குதுங்க. வழில நிறுத்திக் கேட்டா உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அதான் நேரங் கேட்டுட்டு வந்தனுங்க."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சிரிப்பு வருவதுபோல் இருந்தது, வரவில்லை. "நான் ஆளே வெச்சுட்டேனே!"

"மாதையன் நல்ல ஆளுங்க. கை பதமா இருக்குது. அந்த நிக்கற வண்டிக்கு ஆள் வேணுமில்லீங்களா? அவரு அதை ஓட்டட்டும்."

தண்டாயுதபாணி இதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நின்ற வண்டி ஓடினால் ஒரு நாளைக்கு இருபது ரூபாய்க்குக் குறையாமல் கலெக்‌ஷன் வரும். பெருமூச்சு விட்டார். "சரி. நீ என்ன கேக்கறே, சொல்லு."

சென்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தே பேசினார். அவர் சொன்ன விஷயங்கள் மூன்று. சம்பளம் ஏறி நாலு வருஷம் ஆகப்போகிறது. கரி வண்டி வந்தபின் தினம் ஒரு மணி நேரம் முன்னால் வந்து, ஒரு மணி நேரம் பின்னால் போகிறார். புதிதாக வருகிறவருக்குக் கம்பெனி என்ன கொடுக்கத் தயார் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

"மாதையனுக்கு முப்பத்திரண்டுன்னா எனக்கு முப்பத்தஞ்சு குடுங்க. அப்பறம் கரி பத்தவெக்கறதுக்குத் தினம் நாலணா. அதுல பாதி செங்கோட்டையனுக்கு, சக்கரம் சுத்தறது அவந்தான்."

"முப்பத்தஞ்சா? என்ற கைல ரெண்டு ரூபா ஏத்தறதுக்குத்தானப்பா அதிகாரம். மிச்சம் செவ்வாப்பேட்டைல."

"அப்ப புது ஆளுக்கு முப்பத்திரண்டு எப்படீங்க வந்துது?"

"அது வண்டி நின்னுரும்னு பயந்து குடுத்தது."

"என்ற வண்டி நிக்கலீங்களே, அதுக்காகக் கொறைச்சலாக் குடுக்கறதுங்களா?"

வெளியே ஷெட்டில் யாரோ சாம்பல் வாரும் சத்தம் கேட்டது. தண்டாயுதபாணி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார்.

"நியாயந்தான். மொதலாளிக்கு எழுதறேன். ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன், அவரு பதில் போடறதுங்கறது மழ பேயற மாதிரி. நானே மூணு வருசமா அம்பது ரூபாய்ல நிக்கறேன். எனக்காக ஆரு எழுதுவா?"

"நீங்களே எழுதுங்க."

"என்னன்னு?"

"நான் எழுதுன மாதிரித்தானுங்க. நேரங் கேளுங்க."

இந்த முறை மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னை மாதிரி எழுதுனா, நான் போறேன்னு அவரு வேறொரு மேனேஜரை அனுப்பிச்சுருவாரப்பா!"

"அனுப்பட்டுமுங்க. அவருக்கு என்ன சம்பளம்னு தெரிஞ்சுக்கலாமல்ல."

அரை மணி முடிவதற்குள் சென்னியப்பன் எழுந்துகொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "அடுத்த மாசம் நாலாந்தேதி பட்டாளத்துக்காரன் வாரானுங்க. போக மனசு இல்லீங்க. ஆனா ஊட்டுல அஞ்சு வாயி, தை மாசம் ஆறாகும். அதுக்கு முந்தி எனக்குப் பதில் வேணுமுங்க. வாயால வேண்டாம். ஒரு காயிதமா இருக்கட்டும்."

கதவுக்கு வெளியே அவர் போனபின் தண்டாயுதபாணி மேஜைமேலிருந்த இரண்டு அடுக்கையும் பெட்டிக்குள் திருப்பிப் போட்டார். அன்றைக்கு மூன்று காகிதங்களைக் கிழித்துவிட்டு, நாலாவதாக ஒன்று எழுதி என்னிடம் பிரதி எடுக்கக் கொடுத்தார். "இரண்டு பேருடைய சம்பளத்தைப் பற்றித் தங்களிடம் நேரில் பேச வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மண்டிக்கு வருகிறேன்." அதன் கீழே, தாம் வேலையை விட்டுப் போகவில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

மண்டிக்குப் போனார். முதலாளி முக்கால் மணி நேரம் வெல்ல விலையைப் பற்றிப் பேசினாராம், கால் மணி நேரம் சம்பளத்தைப் பற்றி. பதில் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் இருந்த நாட்கள் சென்னியப்பனுக்கு எப்படிப் போயின என்று செங்கோட்டையன்தான் சொல்ல வேண்டும். தினம் டிரிப் ஷீட்டை வைக்க வரும்போது என் மேஜையை ஒரு பார்வை பார்ப்பார். "வந்துதுங்களா?" என்பார். இல்லை என்பேன். "எங்கண்ணன் இன்னிக்கு மேட்டுல கியரக் கொறைக்க மறந்துட்டாருங்க. பன்னண்டு வருசத்துல மொதத் தடவ" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு அவர் வேறு வேடிக்கை எதுவும் பேசவில்லை. மாதையன் நின்றுகிடந்த வண்டியை எடுத்துப் பரமத்தி வேலூர் ரூட்டில் ஓட்டத் தொடங்கியிருந்தார். பட்டாளத்து அதிகாரி வர மூன்று நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை, சென்னியப்பன் தம் லைசென்ஸை எடுத்து, தூசி தட்டி, ஒரு துணியில் சுற்றி வைத்ததாக அங்கம்மாள் பிற்பாடு சொன்னார். பட்டாளத்து அதிகாரி முதலில் கேட்பது அதைத்தானாம். அண்ணி அதைப் பார்த்துவிட்டு அடுப்படியில் போய் அழுதார்.

கடிதம் சனிக்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. மேனேஜர் பிரித்தார். ஒரு பக்கம்கூட இல்லை. டிரைவர் சென்னியப்பனுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்து மாதம் ரூ. 33. கரி வண்டிக்குத் தினப்படி மூன்றணா, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சரிபாதி. மேனேஜர் விஷயம் தைக்கு மேல் பார்க்கலாம்.

தண்டாயுதபாணி கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். "முப்பத்தஞ்சு கேட்டான், முப்பத்துமூணு குடுத்திருக்கறாரு. மாதையனை விட ஒரு ரூபா மேல. கணக்குல கில்லாடி" என்று சொல்லிவிட்டு, கடிதத்தைப் பிரதி எடுக்கச் சொன்னார். கீழே தாமே கையெழுத்துப் போட்டு, மேல் மூலையில் ஒரு குண்டூசி குத்திக் கொடுத்தார். டிரைவருக்கு மேனேஜர் எழுதிய முதல் காகிதம் அது.

சாயங்காலம் வண்டி வந்ததும் சென்னியப்பன் அதை இன்ஜின் பக்கத்தில் நின்றபடியே படித்தார். செங்கோட்டையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணரையணா! மாவாட்டறவனுக்கும் கூலி வந்துருச்சு!" என்று ஷெட் முழுக்கக் கத்தினார். சென்னியப்பன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைத்துவிட்டு வழக்கம்போல வடிகட்டியைக் கழற்றத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "இதை இன்னிக்கு நீ பாத்துக்கறயா? ஊட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்" என்றார்.

"போங்கண்ணா, போங்க. ஊட்டுல காத்துட்டிருப்பாங்க."

திங்கட்கிழமை டிராவலர்ஸ் பங்களா முன்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ரயிலடி வண்டி ஆள் நிறைந்து, கரிப் புகையை விட்டுக்கொண்டு அந்த வழியாகத்தான் போயிற்று. ஓட்டியவர் சென்னியப்பன்.

முதலாளியின் கடிதம் நாமக்கல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது: 1943 அக்டோபர் 2.